கொலுவுக்கு வராத படிகள்: தாமதமான ஆர்டருக்கு எந்தப் பதில் எவ்வளவு செலவு

"தம்பி, படி வராமல் பொம்மைகளைத் தரையிலா வைப்பேன்?"

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி கேட்டார். 2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. அன்று காலை வந்த மற்ற அழைப்புகளில் எல்லாம் கத்தல் இருந்தது. இவர் கத்தவில்லை. அதனாலேயே என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "இந்த வாரம் வந்துவிடும் மாமி" என்றேன். அது பொய் என்று அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

விருகம்பாக்கத்தில் வீட்டின் ஓர் அறைதான் என் கடை. கையில் சரக்கு வைத்துக்கொள்வதில்லை. இணையக் கடையில் ஆர்டர் விழுந்ததும் சீனாவில் உள்ள சப்ளையருக்குப் போகும். அவர் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, வாரம் ஒரு மூட்டையாக விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார். இங்கே ஏஜென்ட் என் இறக்குமதி எண்ணில் சுங்கத்தை முடித்து, பொட்டலங்களை உள்ளூர் கூரியரிடம் ஒப்படைப்பார். ஒவ்வொரு பொட்டலத்தையும் நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பும் முறையும் உண்டு. அதில் சுங்கத்துக்காக வாங்குபவரின் அடையாள ஆவணத்தைக் கேட்பார்கள். அறுநூறு மைல் தள்ளி இருக்கும் ஒருவரிடம் அலமாரிச் சாமானுக்காக ஆதார் நகல் கேட்டு வாங்குவதைவிட மூட்டை முறை மேல் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு பின்னால் வேறொரு வகையிலும் கை கொடுத்தது.

பொருள் ஐந்து தட்டு அக்ரிலிக் படி. அடுக்குமாடி வீடுகளில் சின்னக் கொலு வைப்பவர்கள் வாங்குவார்கள். ஒப்பனைப் பொருள் அடுக்க, வாசனைத் திரவியப் புட்டிகள் வைக்க என்று வாங்குபவர்களும் உண்டு. விலை ₹1,499. ஆகஸ்ட் 18 முதல் விளம்பரம் ஓடியது. 15 முதல் 18 நாளில் வரும் என்று கடைப் பக்கத்தில் போட்டிருந்தேன். செப்டம்பர் 8 அன்று கணக்கெடுத்தபோது 64 ஆர்டர்கள் தேங்கியிருந்தன. 41 பேர் முன்பணம் கட்டியவர்கள். 23 பேர் பொருள் வந்தபின் பணம் தருபவர்கள், அதாவது சி.ஓ.டி. நவராத்திரி செப்டம்பர் 22 அன்று தொடங்குகிறது. பலர் முதல் நாளே, மகாளய அமாவாசையன்று, படி கட்டிவிடுவார்கள்.

இந்த நிலையில் கடைக்காரர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. இழுத்தடிக்கலாம். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பலாம். கொஞ்சம் தொகையைக் குறைத்துக் காத்திருக்கச் சொல்லலாம். உள்ளூரில் மாற்றுப் பொருள் வாங்கிக் கொடுக்கலாம். உண்மையைச் சொல்லி வாடிக்கையாளரையே தேர்ந்தெடுக்க விடலாம். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பொட்டலம் இப்போது எங்கே இருக்கிறது, அந்த வீட்டில் அது எந்தத் தேதிக்குத் தேவை என்ற இரண்டும் தெரிந்தபிறகுதான் ஒப்பிடவே முடியும்.

பொட்டலம் உண்மையில் கிளம்பியதா?

மாமியிடம் நான் பொய் சொன்னது இங்கேதான். 64 ஆர்டருக்கும் சப்ளையர் டிராக்கிங் எண் கொடுத்திருந்தார். எண் இருந்தால் பொருள் கிளம்பிவிட்டது என்று நினைத்தேன். எண்ணைப் போட்டுப் பார்த்தால் 42 பொட்டலங்களில் ஒரே வரிதான் இருந்தது: "Shipment information received". ஐந்து நாளாக அதே வரி. இதற்குப் பொருள், சப்ளையர் கணினியில் லேபிள் அடித்திருக்கிறார் என்பது மட்டுமே. கூரியர்காரர் பொட்டலத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. தாமதமாக அனுப்பியதாகத் தளத்தில் பதிவாகக் கூடாது என்பதற்காக லேபிளை முன்கூட்டியே அடித்துவைப்பது சப்ளையர்களின் பழைய வித்தை.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. லேபிள் ஒட்டிய பொட்டலத்தைத் தராசின் மேல் வைத்து, எடை தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். கட்டி வைத்திருப்பவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். எனக்கு 22 பொட்டலங்களின் படம் வந்தது. மற்ற 42-க்கு "நாளை, நண்பரே" என்று பதில் வந்தது. அவரிடம் சரக்கே இல்லை என்று அப்போது புரிந்தது.

ஆக, 22 பொட்டலங்கள் வழியில் இருக்கின்றன. 42 பொட்டலங்கள் உலகத்தில் எங்குமே இல்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மன்னிப்புக் கடிதத்தை அனுப்புவதுதான் என்னைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

விளம்பரத்தை அந்த நிமிடமே நிறுத்தினேன். ஐந்து நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு விற்பனையில் என்ன நிற்கிறது

ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஒரு படியின் கணக்கு தெரிய வேண்டும். ₹1,499-இல் ஜி.எஸ்.டி. போக ஏறத்தாழ ₹1,270 நிற்கும். பொருள், விமானக் கட்டணம், சுங்கம், உள்ளூர் கூரியர் எல்லாம் சேர்த்து ₹720. ஓர் ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்கு ₹240. இணையத்தில் பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன்மேல் வரியும் எடுத்துக்கொள்ளும், அது ₹35. மிச்சம் ₹275.

பணத்தைத் திருப்பினால் என்ன போகும்? பொருளை வாங்காமல் நிறுத்திவிட்டால் ₹720 மிஞ்சும். விளம்பரச் செலவு ₹240 போனது போனதுதான். கேட்வே கட்டணமும் பெரும்பாலும் திரும்பி வராது. ஆக நஷ்டம் ₹275. வரவேண்டிய லாபமும் திருப்பினால் போகும் நஷ்டமும் ஒரே தொகையாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்த எண் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது.

இழுத்தடித்தால்

முதல் வழி மிகவும் இலகுவானது, அன்று காலை நான் மாமியிடம் செய்ததும் அதுதான். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஒரு செய்தியும் கூப்பிய கைகளும் போதும். உடனடிச் செலவு பூஜ்யம். அதனால்தான் எல்லோரும் இதில் விழுகிறோம்.

இதன் விலை பிறகு வரும். கார்டில் பணம் கட்டியவர் தன் வங்கியிடம் போய்ப் பொருள் வரவில்லை என்று புகார் கொடுக்கலாம். விசா கார்டில், பொருள் வந்துசேர வேண்டிய தேதியிலிருந்து 120 நாள் வரை இதற்கு நேரம் உண்டு. வங்கி கேட்வேயிடம் கேட்கும், கேட்வே நம்மிடம் கேட்கும்: பொருளைக் கொடுத்ததற்குச் சான்று எங்கே? சில நாள் மட்டுமே அவகாசம். சப்ளையர் தாமதம் செய்தார் என்பது அங்கே பதிலே ஆகாது, ஏனென்றால் வாடிக்கையாளர் பணம் கொடுத்தது நமக்கு. சான்று இல்லாததால் பணம் போகும். இதுதான் சார்ஜ்பேக். பல நேரங்களில் புகார் நடந்துகொண்டிருக்கும்போதே தாமதமான பொட்டலமும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது பொருளும் இல்லை, பணமும் இல்லை. ₹720-உம் ₹240-உம் ₹35-உம் சேர்ந்து ₹995 நஷ்டம். சில கேட்வேக்கள் இதற்குத் தனிக் கட்டணமும் போடும். நேர்மையாகத் திருப்பிய மூன்றரை ரீஃபண்டுக்கு ஈடான தொகை ஒரே ஆளிடம் போகிறது. இப்படிப்பட்ட புகார்கள் கூடினால், மற்ற ஆர்டர்களில் வந்த பணத்தையும் கேட்வே நிறுத்திவைக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது. வங்கிப் புகார் பதிவானபிறகு, கடுப்பைத் தணிக்க நாமே தனியாக ரீஃபண்டும் அனுப்பிவிடுவோம். இரண்டு பக்கமும் பணம் போய்விடும். புகார் வந்துவிட்டால் கேட்வேயின் பக்கத்தில் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தனி ரீஃபண்ட் அனுப்பக் கூடாது.

சட்டமும் இழுத்தடிப்பவருக்குத் துணை நிற்காது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பின் வந்த பொருளைத் திரும்பப் பெற மறுக்கவோ பணத்தைத் தர மறுக்கவோ விற்பவருக்கு உரிமை இல்லை. இயற்கைப் பேரிடர் போன்ற கைமீறிய காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. சப்ளையரிடம் அக்ரிலிக் தகடு தீர்ந்துபோனதை அந்தக் கணக்கில் சேர்த்து வாதாட எனக்குத் துணிச்சல் இல்லை. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. 1915 என்ற உதவி எண் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடமே இரண்டு பேர் அதைச் சொன்னார்கள்.

எல்லோருக்கும் திருப்பினால்

அன்று மதியம் எனக்கு இந்த ஆசைதான் வந்தது. 41 பேருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கலாம். கணக்கு இடித்தது. வழியில் இருக்கும் 22 பொட்டலங்களில் 14 முன்பணக்காரர்களுடையவை. அவை சில நாளில் சென்னை வந்துவிடும். அந்த 14 பேருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டு, பொட்டலத்தையும் கூரியர் அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டால் சார்ஜ்பேக்கில் போகும் அதே ₹995 இங்கேயும் போகும். "பொருள் வந்துவிட்டது, மறுபடி பணம் அனுப்புங்கள்" என்று கேட்டால் சிலர் அனுப்புவார்கள். சிலர் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கொலுவுக்காக வாங்கியவருக்குச் செப்டம்பர் 9 அன்று பணம் மட்டும் திரும்பிக் கிடைத்தால் அவர் பிரச்சினை தீர்ந்துவிடாது என்பதும் உண்டு. அவர் மறுபடி கடை கடையாக அலைய வேண்டும்.

ஆனால் கிளம்பாத பொட்டலத்துக்கு இதுவே சுத்தமான வழி. ரீஃபண்ட் அனுப்பும்போது ஒன்று செய்தால் பாதிக் கோபம் அடங்கிவிடுகிறது. கார்டுக்குப் பணம் போய்ச் சேர ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர் நம்மை மறுபடியும் திட்டுவார். கேட்வேயில் ஒவ்வொரு கார்டு ரீஃபண்டுக்கும் ஏ.ஆர்.என். என்ற வங்கிக் குறியீட்டு எண் ஓரிரு நாளில் வரும். அதை அனுப்பி, "உங்கள் வங்கியில் இந்த எண்ணைச் சொன்னால் பணம் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள்" என்று எழுதிவிட வேண்டும். எண்ணைக் கையில் வைத்திருப்பவர் நம்மிடம் கத்துவதில்லை.

குறைத்துக் கொடுத்தால்

தாளில் பார்த்தால் இதுதான் வெற்றிபெற வேண்டும். ₹200 திருப்பிக் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னாலும் எனக்கு ₹75 நிற்கிறது. ரீஃபண்டோடு ஒப்பிட்டால் ₹350 வித்தியாசம். ஆனால் கொலு வைப்பவருக்கு ஐப்பசியில் வரும் படி ₹200 மலிவாக இருந்து என்ன பயன்? அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே "என்னை என்னவென்று நினைத்தீர்கள்" என்றுதான் ஆரம்பிப்பார். தேதி முக்கியமில்லாதவர்களிடம் மட்டுமே இது செல்லும். அங்கேயும் இரண்டாவது தேதியைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அதுவும் தவறினால் கொடுத்த ₹200-ஐக் கழிக்காமல் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும், நஷ்டம் ₹475.

அடுத்த ஆர்டரில் பயன்படுத்தும் கூப்பன் இதைவிட மலிவு என்று சிலர் சொல்வார்கள். முதல் ஆர்டரே வராதவரிடம் இரண்டாவது ஆர்டரைப் பற்றிப் பேசும் துணிவு எனக்கு இல்லை.

உள்ளூரில் செய்து கொடுத்தால்

இதை நான் வழியாகவே நினைத்துப் பார்க்கவில்லை. சைதாப்பேட்டையில் பெயர்ப்பலகை செய்யும் பட்டறை ஒன்று தெரியும். படியின் அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். உரிமையாளர் என் பொருளின் படத்தைப் பார்த்துவிட்டு, "மண் பொம்மை வைப்பார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மூன்று மில்லி தகடு வளையும் தம்பி. ஐந்து மில்லி போடுங்கள்" என்றார். இரண்டு வருடமாக மூன்று மில்லிப் படியைத்தான் கொலுவுக்கென்று நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

லேசரில் வெட்டி, குளோரோஃபார்ம் தொட்டு ஒட்டுவார்கள். ஒட்டியபின் ஓர் இரவு அசைக்காமல் விட வேண்டும். உடனே கனம் ஏற்றினால் ஒட்டு விட்டுவிடும். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று நான்கு படிக்குமேல் அவரால் முடியாது. ஒன்றுக்கு ₹1,100 கேட்டார். நகருக்குள் கொண்டுபோய்க் கொடுக்க ₹70.

இப்போது கணக்கைப் பாருங்கள். ₹1,270-இல் ₹1,100, ₹70, ₹240, ₹35 கழித்தால் ₹175 நஷ்டம். பணத்தைத் திருப்பினால் ₹275 நஷ்டம். அதிக விலை கொடுத்து உள்ளூரில் செய்து கொடுப்பது, சும்மா பணத்தைத் திருப்புவதைவிட ₹100 மலிவு! காரணம் எளியது. விளம்பரத்துக்கும் கேட்வேக்கும் கொடுத்தது ஏற்கெனவே போய்விட்டது. விற்பனை ரத்தாகாமல் இருந்தால் அதில் ஒரு பகுதியாவது மீள்கிறது. உள்ளூர் விலை ₹1,200-ஐத் தாண்டியிருந்தால் இந்த முடிவு தலைகீழாகியிருக்கும், ஆகவே அவரவர் கணக்கை அவரவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரம்புகளும் உண்டு. நகருக்கு வெளியே ஐந்து மில்லி அக்ரிலிக்கைக் கூரியரில் அனுப்பினால் மூலை உடையும் என்று பட்டறைக்காரரே சொன்னார். வாடிக்கையாளரிடம் சொல்லாமல் மாற்றிக் கொடுக்கவும் கூடாது. கனமான நல்ல பொருளாகவே இருந்தாலும், பக்கத்தில் போட்ட பொருள் அது இல்லை. அவர் மறுத்துத் திருப்பினால் அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

தேர்ந்தெடுக்க விட்டால்

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை காலை, கிளம்பாத 42 பேரில் முன்பணம் கட்டிய 27 பேருக்கு இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பினேன்:

"வணக்கம். நீங்கள் வாங்கிய ஐந்து தட்டு அக்ரிலிக் படி இன்னும் சப்ளையரிடமிருந்தே கிளம்பவில்லை. கிளம்பிவிட்டதாக நான் முன்பு சொன்னது தவறு, சரிபார்க்காமல் சொன்னேன். நவராத்திரிக்குள் அது வராது. அக்டோபர் 17-க்குள் வரும். காத்திருக்க விரும்பினால் 1 என்று அனுப்புங்கள், இன்றே ₹200 திருப்பி அனுப்புகிறேன். பணம் முழுவதும் வேண்டுமென்றால் 2. நீங்கள் சென்னையில் இருந்து, கொலுவுக்குத் தேவை என்றால் 3. அதே அளவில், கனமான தகட்டில் இங்கேயே செய்து 19-ஆம் தேதிக்குள் கொடுக்கிறேன், கூடுதல் பணம் வேண்டாம். வியாழன் மாலை வரை பதில் வராவிட்டால் முழுத் தொகையையும் திருப்பிவிடுவேன்."

கடைசி வரியை எழுதத்தான் வெகுநேரம் யோசித்தேன். பதில் சொல்லாதவரைக் காத்திருப்பவராக எடுத்துக்கொள்வது கடைக்கு லாபம். ஆனால் பேசாமல் இருப்பவர் பொறுமையாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. வங்கியில் புகார் எழுதிக்கொண்டிருக்கலாம்.

அக்டோபர் 17 எங்கிருந்து வந்தது? சப்ளையர் சொன்னது செப்டம்பர் 14. ஆனால் சீனாவில் தேசிய நாள் விடுமுறை அக்டோபர் 1-இல் தொடங்கும். அந்த ஆண்டு நடு இலையுதிர் விழாவும் சேர்ந்து 8-ஆம் தேதி வரை நீண்டது. செப்டம்பர் இறுதிக்குள் மூட்டை கிளம்பாவிட்டால் 9-ஆம் தேதிதான் கிளம்பும். அங்கிருந்து எட்டு நாள். ஆக மோசமான கணக்கே அக்டோபர் 17. வாடிக்கையாளருக்குச் சொல்லும் இரண்டாவது தேதி இப்படித்தான் போடப்பட வேண்டும் என்பது என் கருத்து. சப்ளையரின் தேதியை அப்படியே எடுத்துச் சொல்பவர் மூன்றாவது தேதியையும் சொல்ல வேண்டியிருக்கும், அதைக் கேட்க யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பதில்கள் வந்தன. சென்னையில் கொலு வைப்பவர்கள் 12 பேர். அவர்களில் 9 பேர் உள்ளூர்ப் படிக்கு ஒப்புக்கொண்டார்கள், 3 பேர் பணம் கேட்டார்கள். வெளியூரில் கொலு வைப்பவர்கள் 6 பேரும் பணம் கேட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பணம் வந்தபிறகும் விளம்பரத்தின் கீழே "ஏமாற்றுக்காரன்" என்று எழுதினார். அதை அழிக்கவில்லை. பணம் அனுப்பிய தேதியை மட்டும் கீழே எழுதிவிட்டு விட்டுவிட்டேன். மீதி 9 பேருக்குக் கொலுவோடு தொடர்பில்லை. 5 பேர் காத்திருந்தார்கள், 2 பேர் பணம் கேட்டார்கள், 2 பேர் பேசவே இல்லை. சொன்னபடி வியாழன் இரவு அந்த இருவருக்கும் பணத்தைத் திருப்பினேன். அடுத்த நாள் அவர்களில் ஒருவர், தான் காத்திருக்கத் தயாராக இருந்ததாகச் சண்டை போட்டார்!

சி.ஓ.டி. ஆட்களுக்குச் செய்தி அனுப்பிப் பயனில்லை, கூப்பிட்டுத்தான் பேச வேண்டும். பணம் கொடுக்காததால் அவர்கள் கோபப்படுவதும் இல்லை. வேறு கடையில் வாங்கிவிட்டு நம்மை மறந்திருப்பார்கள். பொட்டலம் வாசலுக்குப் போகும்போதுதான் "வேண்டாம்" என்பார்கள். போகவர கூரியர் செலவு ₹130 நம் தலையில் விழும். கிளம்பாத 15 பேரில் 9 பேர் வேண்டாம் என்றார்கள் அல்லது தொலைபேசியை எடுக்கவில்லை, இருவகையையும் ரத்து செய்தேன். 4 பேர் ₹200 குறைவுக்குக் காத்திருந்தார்கள். 2 பேர் உள்ளூர்ப் படி கேட்டார்கள்.

வழியில் இருந்த 22 பேருக்கு வேறு செய்தி: பொட்டலம் எடையிட்ட படம், 19-ஆம் தேதிக்குள் வரும் என்ற வரி, வேண்டாமென்றால் இன்றே சொல்லுங்கள் என்ற வரி. 3 பேர் வேண்டாம் என்றார்கள். பொட்டலங்கள் சென்னை ஏஜென்டிடம் வந்து நிற்பதால் அந்த மூன்றையும் கூரியருக்குப் போகாமல் தடுத்து, புது ஆர்டர்களுக்குத் திருப்ப முடிந்தது. நேராக வீட்டுக்குப் போகும் முறையில் இதற்கு வழியே இல்லை.

கிளம்பாத 42-இல் ஆன நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 13 ரீஃபண்டுக்கு ₹3,575. உள்ளூரில் செய்து கொடுத்த 11 படிக்கு ஏறத்தாழ ₹1,925. ரத்தான 9 சி.ஓ.டி.க்கு விளம்பரச் செலவு ₹2,160. மொத்தம் ₹7,660. காத்திருந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த ₹200-கள் லாபத்திலிருந்து போனவை, அவற்றை இதில் சேர்க்கவில்லை. இழுத்தடித்திருந்தால், எட்டு சார்ஜ்பேக் வந்தாலே இந்தத் தொகையைத் தாண்டியிருக்கும். சப்ளையரிடம் முன்கூட்டியே கட்டிய பணத்தில் ரத்தான 33 படிக்கானதை அவர் ரொக்கமாகத் தரவில்லை, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அவரிடம் மறுபடி வாங்கினால்தான் அந்தப் பணம் மீளும். தெரிந்தேதான் வாங்கினேன், ஆனால் லேபிளோடு தராசுப் படமும் வந்தால்தான் பாக்கி என்ற நிபந்தனையோடு.

காத்திருந்த ஒன்பது பொட்டலங்கள் அக்டோபர் 9-ஆம் தேதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மாமிக்கான படியை 18-ஆம் தேதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குளோரோஃபார்ம் வாடை முழுதும் போயிருக்கவில்லை, ஜன்னல் ஓரம் ஒரு நாள் வைத்திருக்கச் சொன்னேன். மூன்றாவது தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அதைக் காட்டினேன். "பட்டுத்துணி போட்டால் தெரியாது" என்றார்.

விஜயதசமி முடிந்து ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். திருவான்மியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கும் அதேபோல் ஒன்று வேண்டுமாம், கனமான தகட்டில். உள்ளூரில் செய்வதால் ₹1,850 ஆகும் என்றேன்.

"எப்போது வரும்?"

"வெள்ளிக்கிழமை, மாமி."

"வெள்ளிக்கிழமை என்றால், இந்த வெள்ளிக்கிழமையா தம்பி?"